‘பிளான் சி’ படம், வரிசைப்படி

அக்கா, பயிற்சி அறைச் சுவரில் நீங்கள் எடுத்த போட்டோவை எழுத்தில் ஆக்கிவிட்டேன். கடுமையான நீரிழப்பில் வரும் வயிற்றுப்போக்குக் குழந்தைக்கான ‘பிளான் சி’ அது. படத்தில் கேள்விகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன: ‘ஆம்’ என்றால் அம்பு வலப்பக்கம் போகிறது, ‘இல்லை’ என்றால் கீழே இறங்குகிறது. அம்புக்குப் பதிலாக எண் போட்டிருக்கிறேன்.

1. இங்கேயே, இப்போதே டிரிப்ஸ் போட முடியுமா?
ஆம்: 2-க்குப் போங்கள். இல்லை: 5-க்கு.

2. டிரிப்ஸ் தொடங்குங்கள். தயாராகும்வரை, குழந்தை குடிக்குமானால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ரிங்கர் லாக்டேட், இல்லாவிட்டால் நார்மல் சலைன். மொத்தம் கிலோவுக்கு 100 மி.லி.
2அ. 12 மாதம் ஆகாத குழந்தை: முதல் 1 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி., அடுத்த 5 மணி நேரத்தில் 70 மி.லி.
2ஆ. 12 மாதம் முதல் 5 வயதுக்குள்: முதல் 30 நிமிடத்தில் 30 மி.லி., அடுத்த இரண்டரை மணி நேரத்தில் 70 மி.லி.
‘30’ பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி உண்டு, போட்டோவில் சட்டென்று தெரியாது: கை நாடி இன்னும் மிக மெலிதாக இருந்தாலோ கிடைக்காவிட்டாலோ அந்த 30-ஐ மட்டும் இன்னொரு முறை.

3. 1–2 மணிக்கொரு முறை பாருங்கள். தேறவில்லையா, டிரிப்ஸை வேகப்படுத்துங்கள். குடிக்கத் தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ்.ஸும் மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி.

4. 2அ குழந்தையை 6 மணி நேரம் கழித்து, 2ஆ குழந்தையை 3 மணி நேரம் கழித்து மறுபடி மதிப்பிடுங்கள்.
இன்னும் கடுமை: 1-க்குத் திரும்புங்கள். ஓரளவு நீரிழப்பு: பிளான் பி. நீரிழப்பு இல்லை: பிளான் ஏ.

5. 30 நிமிடத்துக்குள் போய்ச் சேரும் இடத்தில் டிரிப்ஸ் வசதி உண்டா?
ஆம்: உடனே அனுப்புங்கள். குடிக்கிற குழந்தை என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸைக் கரைத்து அம்மாவிடம் கொடுத்து, வழியெல்லாம் வாய்வாயாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.
இல்லை: 6-க்கு.

6. மூக்குக் குழாய் போடப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?
ஆம்: 8-க்கு, குழாய் வழியாக. இல்லை: 7-க்கு.

7. குழந்தை குடிக்கிறதா?
ஆம்: 8-க்கு, வாய் வழியாக. இல்லை: டிரிப்ஸ் அல்லது குழாய்க்காக உடனே மருத்துவமனைக்கு.

8. ஓ.ஆர்.எஸ். மணிக்குக் கிலோவுக்கு 20 மி.லி., 6 மணி நேரம். 8 கிலோ குழந்தைக்கு மணிக்கு 160 மி.லி.

9. 1–2 மணிக்கொரு முறை பாருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ வயிறு உப்பிக்கொண்டே வந்தாலோ மெதுவாகக் கொடுங்கள். 3 மணி நேரத்திலும் தேறாவிட்டால் டிரிப்ஸுக்கு அனுப்புங்கள். 6 மணி நேரம் முடிந்ததும் மறுபடி மதிப்பிட்டு, 4-இல் உள்ளபடி பிளானைத் தேர்ந்தெடுங்கள்.

6, 7 இரண்டின் ‘ஆம்’ அம்புகளும் ஒரே பெட்டியில் போய்ச் சேர்கின்றன. சேரும் இடத்தில் பிளாஷ் வெளிச்சம் அடித்து மறைத்திருந்ததால் பயிற்சிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத்தான் எழுதினேன். படத்தின் அடியில், எந்த அம்பும் தொடாமல் தனியாக ஒரு வரி இருக்கிறது: நீரிழப்பு சரியான பிறகும், முடிந்தால் குறைந்தது 6 மணி நேரம் குழந்தையை வைத்துப் பாருங்கள், அம்மாவே ஓ.ஆர்.எஸ். கொடுத்துச் சமாளிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.