வெங்காயத் தோல் செல் அளக்குற பிராக்டிகல்: மதிப்பீடு

நாங்க செஞ்சது இதுதான். ஒரு பல்லாரி வெங்காயத்துல காஞ்ச சருகெல்லாம் உரிச்சுட்டு வர்ற முதல் சதைப்பத்தான செதில்லயும், உள்ளுக்குள்ள அஞ்சாவது செதில்லயும் தோல் உரிச்சு, அயோடின் போட்டு, 10 எக்ஸ் லென்ஸ்ல, ஐபீஸுக்குள்ள இருக்குற கோடு போட்ட ஸ்கேல், அதாவது ஆக்குலர் வச்சு 20 செல் 20 செல்லா நீளம் அளந்தோம். வெளிச்செதில் சராசரி 31.4 கோடு, உள்செதில் 22.6 கோடு. ஒரு கோடு 9.75 மைக்ரான்னு போட்டா 306, 220. வெளிச்செதில் செல்தான் பெருசுன்னு முடிவு எழுதி கையெழுத்தும் வாங்கியாச்சு. இப்ப மதிப்பீடு எழுத உக்காந்தா அந்த 220 தப்பு, அதுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

லேப்ல ஆக்குலர் மாட்டுன மைக்ராஸ்கோப் ரெண்டுதான், அந்த ஆக்குலர் கோடு எத்தன மைக்ரான்னு பாக்குற, அளவு தெரிஞ்ச கோடு போட்ட ஸ்லைடு, ஸ்டேஜ் மைக்ரோமீட்டர், மொத்த கிளாஸுக்கும் ஒண்ணே ஒண்ணு. கியூல நின்னு வாங்கி என் மைக்ராஸ்கோப்ல வச்சு பாத்தேன், ஸ்டேஜ்ல ஒரு கோடு 10 மைக்ரான், ஆக்குலர்ல 40 கோடு ஸ்டேஜ்ல 39 கோட்டோட சேந்துச்சு, 390ஐ 40ஆல வகுத்தா 9.75. அதுக்குள்ள அடுத்த பேட்ச் பசங்க ஸ்டேஜ வாங்கிட்டு போயிட்டாங்க. என் பார்ட்னர் மத்த மைக்ராஸ்கோப்ல உள்செதில அளந்தாப்ல, ரெண்டும் ஒரே மாடல்தானன்னு என்னோட 9.75ஐயே அங்கயும் போட்டுட்டோம். மறுநாள் மேடம்கிட்ட கேட்டு அந்த மைக்ராஸ்கோப்ப தனியா பாத்தா 40 கோடு 41 கோட்டோட சேருது, அதாவது ஒரு கோடு 10.25. அப்படின்னா உள்செதில் 220 இல்ல, 232. வித்தியாசம் 86லருந்து 74க்கு இறங்கிருச்சு.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, எல்லாத்தையும் ஒரே மைக்ராஸ்கோப்ல அளந்திருந்தா காலிபரேஷன் தப்பா போயிருந்தா கூட இந்த ஒப்பீட்டுக்கு பெரிய கேடு கிடையாது, ரெண்டு எண்ணும் ஒரே விகிதத்துல கூடும் இல்ல குறையும், எது எத்தன மடங்கு பெருசுங்கறது மாறவே மாறாது. நாங்க ஆளுக்கு ஒரு செதில்னு பிரிச்சதுனால செதில் வித்தியாசம், மைக்ராஸ்கோப் வித்தியாசம், அளந்த ஆளோட கண் வித்தியாசம் மூணும் ஒண்ணா கலந்துருச்சு. முதல் வித்தியாசத்த மட்டும் பிரிச்சு எடுக்க இப்ப வழி இல்ல. காலிபரேஷன மட்டும் திருத்த முடிஞ்சது, கண்ண திருத்த முடியாது. இன்னும் ஆயிரம் செல் அளந்தாலும் இந்தப் பிழை கரையாது, ஏன்னா இது ஒரே பக்கமா இழுக்குற பிழை. இதுக்கு தீர்வு காசு செலவில்லாதது. ரெண்டு பேரும் ரெண்டு செதில்லயும் பாதிப் பாதி அளக்கணும், எல்லா ஸ்லைடையும் ஒரே மைக்ராஸ்கோப்லதான் பாக்கணும். காலிபரேஷன் எண்ண ஒரு சின்ன பேப்பர்ல எழுதி, எந்த லென்ஸுக்குன்னும் சேத்து, மைக்ராஸ்கோப் அடியில செலோடேப் போட்டு ஒட்டிட்டா அடுத்த பேட்ச் கியூலயே நிக்க வேணாம், தொடக்கத்துல ஒரு தடவ சரிபாத்தா போதும்.

ரெண்டாவது பெரிய பிழை, வெளிச்சத்த கூட்டிக் குறைக்குற டயாஃப்ரம். இத நான் அளந்த வெளிச்செதில்லதான் கண்டுபிடிச்சேன். எட்டாவது செல் 57 கோடு வந்துச்சு, அதாவது 550 மைக்ரானுக்கு மேல. சந்தேகப்பட்டு டயாஃப்ரத்த கொஞ்சம் மூடுனேன், வெளிச்சம் குறைய குறைய அந்த செல்லுக்கு நடுவுல பென்சில்ல லேசா இழுத்த மாதிரி ஒரு குறுக்குச் சுவர் எழும்பி வந்துச்சு. 29 கோடு, 28 கோடுன்னு ரெண்டு செல். டயாஃப்ரம் முழுசா திறந்து கிடந்ததுனால வெளிச்சம் அடிச்சு சுவரே தெரியல. அத திருத்திட்டேன் சரி, ஆனா அதுக்கு முன்னாடி அளந்த ஏழு செல்லும் அதே வெளிச்சத்துல அளந்ததுதான, அதுல ஒண்ணு 44 கோடு, மொத்த டேட்டாலயும் அதுதான் பெருசு. அதுவும் ரெண்டு செல்லா இருந்திருக்கலாம். ஸ்லைட நகத்திட்டதுனால திரும்பப் போய் பாக்க முடியல. அத எடுத்துட்டு 19 செல்லுக்கு சராசரி போட்டா 30.7 கோடு, சுமார் 300 மைக்ரான் வருது, 306 இல்ல. முடிவு மாறல, ஆனா பிடிக்கலன்னு ஒரு ரீடிங்க தூக்கவும் கூடாதுங்கறதுனால டேபிள்ல 44ஐ விட்டுட்டு பக்கத்துல குறிப்பு போட்டிருக்கேன். சுவர் தெரியாட்டி செல் பெருசாதான் தெரியும், சின்னதா தெரியவே தெரியாது. அதனால இதுவும் ஒரே பக்கம் சாயுற பிழைதான், அதுவும் வெளிச்செதில்ல மட்டும், நாங்க எதிர்பாத்த முடிவுக்கு சாதகமான பக்கமா. அடுத்த தடவ அளக்குறதுக்கு முன்னாடி ரெண்டு முனைச் சுவரும் கூர்மையா தெரியுற வரைக்கும் டயாஃப்ரத்த மூடணும், தெரியாத செல்ல விட்டுறணும்.

கோடு படிக்கிறதுல வர்ற பிழைய எல்லாரும் முதல்ல எழுதுவாங்க, கணக்கு போட்டு பாத்தா நீளத்துக்கு அது பெரிய விஷயமில்ல. ஒவ்வொரு முனைலயும் அரை கோடு, மொத்தம் ஒரு கோடு முன்ன பின்ன, 31.4க்கு 3 சதவீதம் சொச்சம், 22.6க்கு 4 சதவீதம் சொச்சம், அதுவும் 20 செல் சராசரில கூடக்கொறைய அடிபட்டுப் போகும். அகலம்தான் பிரச்சன. 10 எக்ஸ்ல அகலம் அஞ்சரைக் கோடுதான் வருது, அதுல ஒரு கோடு போனா 18 சதவீதம், அத எழுதி என்ன புண்ணியம். அதனால அகலத்த 40 எக்ஸ்ல அளந்தோம், அங்க ஒரு கோடு 2.5 மைக்ரான், 22 கோடு வந்துச்சு, 55 மைக்ரான், பிழை நாலரை சதவீதம். நீளத்த மட்டும் 40 எக்ஸ்க்கு மாத்த முடியாது, ஆக்குலர்ல 100 கோடுதான், 250 மைக்ரானோட ஸ்கேல் முடிஞ்சு போகும், செல் அதையும் தாண்டி நீளும். இதுல ஒரு கூத்து, பார்ட்னர் ஆறு செல்லுக்கு அகலத்த 40 எக்ஸ்ல பாத்துட்டு 10 எக்ஸ் எண்ணால பெருக்கிட்டாப்ல, 210, 220ன்னு வந்து நீளத்துக்கு சமமா நின்னுச்சு, சதுர வெங்காயம்னு சிரிச்சோம். கோடு எண்ணிக்கைய டேபிள்ல தனி கட்டத்துல எழுதி வச்சதுனாலதான் திரும்ப கணக்கு போட முடிஞ்சது. நேரா மைக்ரான்ல எழுதியிருந்தா அம்புட்டும் குப்பைக்குத்தான்.

ஸ்கேல் செல்லோட நீளவாக்குக்கு நேரா இல்லாம சாஞ்சிருந்தாலும் நீளம் குறைவா வரும். 10 டிகிரி சாஞ்சா ஒண்ணரை சதவீதம்தான், 20 டிகிரி சாஞ்சா 6 சதவீதம். ஐபீஸ விரலால திருப்பி நேரா வைக்க அஞ்சு செகண்ட் ஆகாது, சில செல்லுக்கு சோம்பேறித்தனப்பட்டு திருப்பல. அப்புறம் இந்த செல்லுங்க முனை செங்கல் மாதிரி நேரா வெட்டுனாப்ல இருக்காது, சாய்வா கூரா பக்கத்து செல்லுக்குள்ள சொருகிக்கிட்டு கிடக்கும். எங்க முடியுதுன்னு நாங்க முன்னாடியே பேசி வைக்கல. நான் கூர்முனைலருந்து கூர்முனை வரைக்கும், அவர் சாய்வோட நடுவுலருந்து. இதுவும் என் செதில பெருசா காட்டுற பிழை. கூர்முனைக்கு கூர்முனைன்னு ஒரு விதி எழுதி வச்சு, ரெண்டு பேரும் ஒரே அஞ்சு செல்ல அளந்து பாத்துட்டு ஆரம்பிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

எந்த செல்ல எடுத்தோம்னு கேட்டா நேர்மையா சொல்றேன், பாக்க நல்லா இருந்தத. குமிழ் இல்லாம, மடிப்பு இல்லாம, நியூக்ளியஸ் பளிச்சுன்னு பழுப்பா தெரியுற செல். ஸ்கேல் போற வழில எது வந்தாலும் எடுத்தா சரியாயிரும்னு தோணும், ஆனா குத்துமதிப்பா ஒரு புள்ளிய வச்சா நீளமான செல்லுலதான் அது அதிகமா விழும், அதுவும் சாயும். வரிசையா ஒரு ஓரத்துலருந்து தொடர்ந்து பத்து செல், நல்லதோ கெட்டதோ, அளக்குறதுதான் ஒழுங்கு. மூணு செல்ல சேத்து ஒரே மூச்சுல அளந்து மூணால வகுத்தா படிக்கிற பிழை மூணுல ஒண்ணா குறையும்னு பார்ட்னர் சொன்னாப்ல, சரிதான், ஆனா தனித்தனி செல் எவ்வளவு மாறுதுங்கற தகவல் போயிரும், எங்களுக்கு அது வேணும். வெளிச்செதில்ல செல்லுக்கு செல் வித்தியாசம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 58 மைக்ரான். ஒரு கோடு பிழை 10 மைக்ரான். எது பெருசுன்னு பாத்துக்கலாம்.

தோல் உரிக்கிறதுலயும் ஒரு குழப்பம் நடந்துச்சு. உள்தோல் எடுன்னு சொன்னா உள்செதிலா, செதிலோட உள்பக்கமா? குழிஞ்ச பக்கத்துத் தோல்தான் சுலபமா கண்ணாடித்தாள் மாதிரி உரியும், எங்க முதல் ஸ்லைடு ஊதாவா தெரிஞ்சதும்தான் புடைச்ச பக்கத்துத் தோலுன்னு புரிஞ்சு தூக்கிப் போட்டோம். இனிமே குழிஞ்ச பக்கம், செதிலோட நடு உயரம்னு எழுதி வைக்கணும், அடிப்பக்கத்துல செல் அளவு வேற மாதிரி இருக்க வாய்ப்பு இருக்கு.

அயோடின்ல செல் சுருங்கிப் போச்சுன்னு பக்கத்து பேட்ச் எழுதியிருக்காங்க. ஸ்லைடு காஞ்சா உள்ள இருக்குற புரோட்டோபிளாஸ்ட்தான் பெரும்பாலும் சுருங்கும், நாங்க அளந்தது சுவருக்கு சுவர், அதனால எங்களுக்கு இது சின்ன பிழை. கண்ண நகத்துனா கோடும் நகந்த மாதிரி தெரியுற பாரலாக்ஸும் அப்படித்தான், ஆக்குலர் கோடும் பிம்பமும் ஒரே தளத்துல ஃபோகஸ் ஆகி இருந்தா அதுக்கு இடமே இல்ல. போன வருஷ ரெக்கார்ட்ல இருக்குங்கறதுக்காக நான் எழுதல.

முடிவ எவ்வளவு நம்பலாம்? திருத்துன பிறகு வெளிச்செதில் 306, உள்செதில் 232, சராசரி எவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்னு சொல்ற ஸ்டாண்டர்ட் எரர் முறையே 13, 10. 44ஐ எடுத்துட்டு 300ன்னே வச்சாலும் எரர் பார் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடல. இந்த ஒரு வெங்காயத்துல வெளிச்செதில் செல் பெருசா இருக்க வாய்ப்பு அதிகம், கூர்முனைக் குழப்பம் வித்தியாசத்துல கொஞ்சத்த தின்னுரும், எவ்வளவுன்னு சொல்ல முடியல. பல்லாரி எல்லாத்துக்கும் இது பொருந்தும்னு எழுதுனா அது பொய், 40 செல் அளந்தாலும் வெங்காயம் ஒண்ணுதான்.

அடுத்த பிராக்டிகல் ரெண்டு மணி நேரம். டிஜிட்டல் கேமரா மைக்ராஸ்கோப் வாங்கலாம்னு எழுதுறது சும்மா, நடக்குறத எழுதுறேன். மூணு வெங்காயம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு செதில், செதிலுக்கு 10 செல், மொத்தம் 60. காலிபரேஷன் சரிபாக்க 10 நிமிஷம், ஆறு ஸ்லைடுக்கு அரை மணி, அளக்க ஒரு மணி, மிச்சம் 20 நிமிஷம் சிந்துறதுக்கும் கவர்ஸ்லிப் உடையிறதுக்கும். ஸ்லைட மூணாவது ஆள் தயார் பண்ணி அ, ஆ, இன்னு மட்டும் எழுதிக் கொடுக்கணும், எது வெளிச்செதில்னு அளக்குறவருக்கு தெரியக் கூடாது. வெங்காயத்த நான் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன், ஒரே கிலோலருந்து ஒரே சைஸா பாத்து மூணு.