தலைமை ஆசிரியருக்கு ஒரு விடுப்புக் கடிதம் (ஐந்தாம் வகுப்பு, தமிழ்)

பிள்ளைகளே, வேலந்தாவளத்தில் இருக்கும் மலர்விழிக்கு மாட்டுப் பொங்கல் அன்று பொள்ளாச்சியில் அம்மிச்சி வீட்டில் இருக்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் தைப்பொங்கலுக்கு விடுமுறை உண்டு, மறுநாள் பள்ளி உண்டு. அதனால் விடுப்புக் கேட்டு எழுதுகிறாள். முதலில் இதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அனுப்புநர்
க. மலர்விழி,
ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு,
அரசுத் தொடக்கப் பள்ளி,
கொழிஞ்சாம்பாறை.

பெறுநர்
தலைமை ஆசிரியை அவர்கள்,
அரசுத் தொடக்கப் பள்ளி,
கொழிஞ்சாம்பாறை.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்.

வணக்கம். மாட்டுப் பொங்கலுக்காக நான் பெற்றோருடன் பொள்ளாச்சியில் உள்ள பாட்டி வீட்டிற்குச் செல்கிறேன். ஆகவே 16.01.2026 வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் எனக்கு விடுப்பு வழங்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று நடக்கும் பாடத்தைத் திங்கட்கிழமை தோழியிடம் கேட்டு எழுதிக்கொள்வேன்.

நன்றி.

இடம்: கொழிஞ்சாம்பாறை
நாள்: 13.01.2026

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
க. மலர்விழி

பெற்றோர் கையொப்பம்: சு. கருப்பசாமி

இப்போது நோட்டைத் திறங்கள். அனுப்புநர், பெறுநர் இரண்டும் இடது ஓரத்தில். இடமும் நாளும் கீழே இடப்பக்கம், ‘இப்படிக்கு’ வலப்பக்கம். உறையின் மேல் பெறுநர் முகவரியை மட்டும் எழுதினால் போதும்.

வீட்டில் ‘அம்மிச்சி’ என்கிறோம், கடிதத்தில் ‘பாட்டி’ என்று வந்திருக்கிறது பாருங்கள். ஊருக்கு ஊர் மாறும் சொல்லை விட்டு எல்லாருக்கும் புரியும் சொல்லை எழுதுகிறோம். அதேபோல ‘லீவு வேணும்’ என்று பேசலாம், எழுதும்போது ‘விடுப்பு வழங்குமாறு’.

இன்னொன்று. நம் ஊரில் மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் பலர் ‘ஒரு நாள் அவதி வேண்டும்’ என்று எழுதிவிடுகிறீர்கள். மலையாளத்தில் அது விடுமுறை. தமிழில் அவதி என்றால் துன்பம்! ‘விடுப்பு’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், மூன்று முறை எழுதுங்கள்.

மரியாதை ‘தங்கள்’, ‘அவர்கள்’, ‘பணிவுடன்’ ஆகிய சொற்களில் இருக்கிறது. ஆனால் ஒரு வரியில் மூன்று ‘பணிவுடன்’ வேண்டாம், ஒன்று போதும். தலைமை ஆசிரியர் ஆணாக இருந்தால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதுங்கள்.

அப்புறம், எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் பென்சிலால் சரி போடட்டும்:

□ பொருள் ஒரே வரியில் இருக்கிறதா?
□ எந்த நாள், எத்தனை நாள், ஏன்: மூன்றும் உண்டா?
□ வணக்கம், நன்றி இரண்டும் இருக்கின்றனவா?
□ பேச்சுச் சொல்லோ மலையாளச் சொல்லோ நுழையாமல் இருக்கிறதா?
□ கையொப்பம், பெற்றோர் கையொப்பம்?

விடுபட்டது எதுவானாலும் கவலை வேண்டாம், திருத்தி எழுதலாம். நாளைக்கு உங்கள் கடிதம்: நம் வகுப்பு நூலகத்திற்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கேட்டு. அதை உண்மையாகவே தலைமை ஆசிரியையிடம் கொடுக்கப் போகிறோம், அதனால் எந்த மாதிரிக் கதைகள் வேண்டும் என்று இன்றிரவே யோசித்து வாருங்கள்.