க... ல்... கல்: ஒன்றாம் வகுப்பு எழுத்துக் கூட்டல் பாடம்

வகுப்பு 1, தமிழ். பிள்ளைகள் 18 பேர்: அரும்பு நிலையில் 12, மொட்டு நிலையில் 6. செவ்வாய், முதல் பாடவேளை, 40 நிமிடம்.
தெரிந்த எழுத்துகள்: க, ட, ப, ம, ர, வ, ம், ல், ண்.
இன்றைய வேலை: இந்த ஒன்பது எழுத்தை வைத்து இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிப்பது. புது எழுத்து எதுவும் இல்லை.

அக்கா, நான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போவதால் ஒன்றாம் வகுப்பும் உங்கள் கைக்கு வருகிறது. நாலும் ஐந்தும் எடுத்தே பழகியவர் நீங்கள் என்பதால் பேச வேண்டிய பேச்சு வரைக்கும் எழுதியிருக்கிறேன். எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். செல்போனில் நேரம் வைத்துவிடுங்கள். மணி அடித்ததும், பாதியில் நின்றாலும் அடுத்ததற்குப் போய்விடலாம். இந்த வயதில் ஒரே வேலை எட்டு நிமிடத்தைத் தாண்டினால் வாய் மட்டும்தான் சொல்லும், கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

பொருள்கள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுதிய எழுத்துகள் ஒன்பது கட்டு, இருவருக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ம அட்டை ஒன்று, ம் அட்டை ஒன்று. பலகைகளும் சாக்பீஸும் அலமாரியில்.

தொடங்கும் முன் ஒன்றே ஒன்று. ம் என்பதை "இம்" என்று சொல்ல வேண்டாம். நாம் எல்லோரும் அப்படித்தான் படித்தோம், அதனால் வாயில் தானாக வரும். ஆனால் பிள்ளை "ம, ர, இம்" என்று சொல்லிக் கூட்டினால் "மரயிம்" என்றுதான் வரும். அதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் மரம் ஆகாது. போன வருடம் எழுத்து அத்தனையும் தெரிந்தும் ஒரு வரி படிக்க முடியாமல் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். ம் என்றால் உதட்டை மூடி மூக்கில் ஒரு முனகல். ல் என்றால் நாக்கு மேலே தொட்டு நிற்கிறது. ண் என்றால் நாக்கு மடிந்து நிற்கிறது. மெய்க்கு அரை மாத்திரை என்று நாம் மனப்பாடம் செய்த இலக்கணத்துக்கு வேலை இங்கேதான்.

காது மட்டும் (3 நிமிடம்)

அட்டை வேண்டாம், கரும்பலகை வேண்டாம். வட்டமாக உட்கார வையுங்கள்.

ஆசிரியர்: "சாமிகளா, நான் ஒரு வார்த்தையை உடைச்சுச் சொல்லுவேன். நீங்க ஒட்டிச் சொல்லணும். ப... ல்."
பிள்ளைகள்: "பல்லு!"

இப்படித்தான் வரும், தவறு என்று சொல்லாதீர்கள். வீட்டில் பல்லு, கல்லு, கண்ணு, மண்ணு. ஒட்டியதால்தான் அந்தச் சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆசிரியர்: "ஆமா, பல்லுதான். புத்தகத்துல அதை பல்-னு நிறுத்திடுவாங்க. நாக்கை அங்கேயே வெச்சுக்குங்க. பல்."

கல், கண், மண், மரம், படம் ஐந்தையும் இதே போல. மரம், படம் சொல்லும்போது பேச்சில் கடைசி ம் உதடு மூடாமலே மூக்கில் கரைந்துவிடும். "உதடு மூடுச்சா?" என்று ஒருவர் வாயை ஒருவர் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுதும்போது ம் விட்டுப் போகாமல் இருக்க இது உதவும்.

அட்டை மின்னல் (2 நிமிடம்)

ஒன்பது அட்டையையும் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஒரு அட்டைக்கு இரண்டு நொடி. எல்லோரும் சேர்ந்து ஒலியை மட்டும் சொல்ல வேண்டும். புள்ளி வைத்த எழுத்துக்குக் கையை மூடிக் குத்து, புள்ளி இல்லாததற்கு ஒரு தட்டு. யாராவது "இல்" என்றால் பேச வேண்டாம். உங்கள் நாக்கைக் காட்டி, குத்தைக் காட்டி, ல் என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போங்கள். மூன்று சுற்று வரும்.

விரல் ஓட்டம் (8 நிமிடம்)

பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கரும்பலகையில் க, ல் இரண்டையும் ஒரு சாண் இடைவெளி விட்டு எழுதுங்கள். அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு.

ஆசிரியர்: "இப்ப நான் மட்டும். பாருங்க." க மேல் விரல், "க". நடந்து ல் மேல் விரல், "ல்". மறுபடி கொஞ்சம் வேகமாக, "க. ல்." மூன்றாவது முறை விரலைக் கோட்டில் ஒரே இழுப்பாக இழுத்து, "கல்."
"இப்ப நாம சேர்ந்து." அதே மூன்று முறை.
"இப்ப நீங்க மட்டும்." நீங்கள் வாய் திறக்காமல் விரலை மட்டும் ஓட்டுங்கள்.

ஒலியை இழுக்கக் கூடாது, அக்கா. ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் சொல்லிக் கொடுக்கும்போது ஒலிகளை நீட்டி நீட்டிச் சேர்ப்பார்கள், அந்த மொழிக்கு அது சரியாக வரும். நாம் "கஅஅஅல்" என்று நீட்டினால் அது கால் ஆகிவிடுகிறது. பல், பால். படம், பாடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, கண் இமைக்கும் நேரம்தான். அதனால் எழுத்தை நீட்டாமல் இரண்டு எழுத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்று முறை விரல் ஓட்டுவது அதற்காகத்தான்.

சொற்களின் வரிசையை மாற்றாதீர்கள்:

கல், பல், கண், மண்
மரம், கரம், வரம், பரண்
படம், மடல், கடல், பகல்

முதல் வரிசை இரண்டெழுத்து. இரண்டாம் வரிசை மூன்றெழுத்து, தனியாகச் சொன்ன ஒலியே சொல்லுக்குள்ளும் மாறாமல் வரும். மூன்றாம் வரிசையில் மாறும். தனியாக "ட" என்று வல்லெனச் சொல்லும் எழுத்து, கடலுக்கு நடுவில் மெலிந்துவிடுகிறது. பகலில் உள்ள க, கல்லில் உள்ள க போல ஒலிப்பதில்லை. எழுத்து ஒன்று, இடத்தைப் பார்த்து ஒலி. பெரியவர்களுக்கு இது காதில் விழுவதே இல்லை, பிள்ளைக்கு விழும். "க, ட, ல்" என்று ட-வையும் வல்லெனச் சொல்லிவிட்டு, அப்படி ஒரு சொல் கேட்டதே இல்லையே என்று விழிக்கும்.

அங்கே இப்படிச் சொல்லுங்கள்: "நடுவுல வந்தா ட கொஞ்சம் மெத்துனு ஆயிடும். கடல். அலை அடிக்குமே, அது." பொருளைப் பிடித்துவிட்டால் ஒலியைப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். மெலிப்பதற்கு விதி சொல்ல வேண்டாம், அதற்கு வயது இருக்கிறது.

பரண் பாதிப் பேருக்குத் தெரியாது, வீட்டில் லாஃப்ட் என்கிறார்கள். வகுப்பிலேயே பழைய சார்ட் போட்டு வைத்திருக்கும் பரணைக் காட்டிவிடுங்கள்.

எட்டு நிமிடத்தில் பன்னிரண்டும் முடியாது. இரண்டாம் வரிசை வரைக்கும் நிச்சயம் வரும். மூன்றாம் வரிசையில் படம், கடல் இரண்டு போதும், மற்றது நாளைக்கு.

ஜோடி வேலை (7 நிமிடம்)

இருவருக்கு ஒரு கட்டு. நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள்: "மண்." ஒருவர் அட்டையை எடுத்து வைக்க, அடுத்தவர் விரல் ஓட்டிப் படிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் வேலை மாறும். பிறகு ஓர் அட்டையை மட்டும் மாற்றும் விளையாட்டு:

"மண் வெச்சிருக்கீங்களா? ம-வை எடுத்துட்டு க வைங்க. என்ன ஆச்சு?"
"கண்ணு!"
"ண்-ஐ எடுத்துட்டு ல் வைங்க."
"கல்!"
"க-வை எடுத்துட்டு ப."
"பல்!"

இந்த நேரத்தில் வகுப்பு இரைச்சலாக இருக்கும். அடக்க வேண்டாம். மொட்டு நிலைப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஒவ்வொரு அரும்பு ஜோடி போட்டிருக்கிறேன், மீதி ஆறு பேர் தங்களுக்குள் ஜோடி. தூண் பக்கத்தில் உட்காரும் இரட்டைப் பின்னல் பெண் சொல்லை முந்திச் சொல்லிவிடுவாள். அவளை அட்டை வைப்பவளாகவும், பக்கத்துப் பையனைப் படிப்பவனாகவும் கூடுதலாக இரண்டு முறை வையுங்கள்.

கேட்டு எழுது (5 நிமிடம்)

நான்கு சொல்: பல், மண், வரம், படம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை முழுதாகச் சொல்லுங்கள், உடைத்துச் சொல்ல வேண்டாம். உடைப்பது இப்போது அவர்கள் வேலை. தட்டிப் பார்த்து, குத்தி, பிறகு எழுதட்டும். பலகையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

"பல்லு" என்று எழுத முயலும் பிள்ளைக்கு லு தெரியாது, அதனால் "பல்ல" என்று வைக்கும். காது நன்றாக இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். "நீ சொன்னது வீட்டுப் பல்லு. புத்தகப் பல் எங்க நிக்கும்?" என்று கேளுங்கள், தானே அழித்துவிடும். புள்ளி விட்டவர்களுக்கு, எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: "வரம. இதையா சொன்னேன்?" மடை திறந்த மாதிரி "இல்ல டீச்சர்" வரும்.

ஆறு பேர் (5 நிமிடம்)

தினமும் ஆறு பேரைத் தனியாகக் கேட்கிறேன், மூன்று நாளில் வகுப்பு சுற்றி வந்துவிடும். இன்றைக்கு முதல் வரிசை ஆறு பேர். மற்றவர்கள் பலகையில் தங்களுக்குப் பிடித்த சொல்லை எழுதிப் படம் வரையட்டும்.

ஒவ்வொருவருக்கும் இந்த நான்கு அட்டை: கண், மரம், கடல், பமல்.

கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது, வேண்டுமென்றே வைத்தது. க-வையும் ல்-ஐயும் பார்த்த உடனே கடல் என்று சொல்லும் பிள்ளை கூட்டிப் படித்ததா, உருவத்தை ஞாபகம் வைத்துச் சொன்னதா என்று நமக்குத் தெரியாது. பமல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். "இது பூதத்தோட பேரு, படி பார்க்கலாம்" என்றால் பயமில்லாமல் முயல்வார்கள். பகல் என்று சொன்னால் நடு எழுத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரு பிள்ளைக்கு நாற்பது நொடி. நின்றால் ஐந்து நொடி காத்திருங்கள், உள்ளே கூட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நின்றால் முதல் எழுத்தில் உங்கள் விரலை வையுங்கள், சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீல நோட்டில் பெயருக்கு நேராக மூன்றில் ஒன்று எழுதினால் போதும்: ஒட்டிச் சொன்னால் "ஒ", எழுத்தெழுத்தாகச் சொல்லி ஒட்ட முடியாவிட்டால் "உ", எழுத்திலேயே தடுமாறினால் "எ".

"உ" வந்தவர்களுக்குச் சாப்பாட்டு மணிக்கு முன் இரண்டு நிமிடம் காது விளையாட்டு மட்டும் இன்னொரு முறை, அட்டை இல்லாமல். "எ" வந்தவர்களுக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு பையன் ஆனி மாசம் முழுக்க அம்மாவோடு அம்மை வார்த்துக் கிடந்தான், அவனுக்கு ர, வ இன்னும் நிற்கவில்லை. அவனைக் கண், கல் இரண்டோடு விட்டுவிடுங்கள். பமல் கேட்க வேண்டாம்.

மீதிப் பத்து நிமிடம் கதைக்கு. புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து வாசியுங்கள். கண், மரம், கல் எங்கேயாவது வந்தால் நிறுத்தி விரல் வையுங்கள், அவர்களே படித்துவிடுவார்கள்.

புதன்கிழமைக்கு இதே வரிசை, இதே நேரம். விரல் ஓட்டத்தில் மட்டும் மூன்றாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள், ஆறு பேர் இரண்டாம் வரிசைப் பிள்ளைகள். ட் அட்டையை நான் எடுத்து வைத்துவிட்டேன். பட்டம், வட்டம் வியாழக்கிழமை நான் வந்து தொடங்குகிறேன்.