ஒற்றைச் செருப்பு

வசந்தி அனுப்பியது இவ்வளவுதான்: "நிம்மி, நான்தான். ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. பேசலாமா?" அதை எழுத ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பதில் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்." சிரிப்புப் பொம்மை இல்லை, என்ன ஏது என்ற விசாரிப்பும் இல்லை. கோபமாக இருந்தால் நிர்மலா இப்படித்தான் சுருக்கமாக எழுதுவாள். விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இது தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை வசந்தி கூடத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினாள். படுக்கையறைக் கதவைச் சாத்திவைத்தாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துமுடிக்கும் தெம்பு இன்னும் வரவில்லை.

உள்ளே வந்த நிர்மலா பையைக் கீழே வைத்தாள்.

"இளைச்சுட்டடி."

"ம்."

அப்புறம் வேலை, பையனின் பரீட்சை, வழியில் நின்றுபோன பேருந்து என்று எதையெதையோ பேசினாள். வாய் பேசிக்கொண்டிருந்தாலும் கண் வீட்டைச் சுற்றிவந்தது. மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையில் வந்து நின்றது. எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: ஞா, தி, செ, பு.

"இது எதுக்கு?"

"டிப்ரஷனுக்கு. போட்டேனா இல்லையான்னு மறந்துபோகுது. அதான் கிழமை எழுதி வச்சிருக்கேன்."

நிர்மலா அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தாள். "முதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

முதல் என்று எதைச் சொல்வது? பெரிய துக்கம் எதுவும் நடந்துவிடவில்லை. தூக்கம்தான் முதலில் போனது. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அதிலிருந்து வெளிச்சம் வரும்வரை நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். காலைதான் மோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. அப்புறம் வேலை போனது. பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள், ஒரு பத்தியை நான்கு முறை படித்தும் என்ன படித்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். குளிக்கலாம் என்று நினைத்து, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை இருந்த நாளும் உண்டு.

"அழுகைகூட வரல நிம்மி. அழுதா யாராவது கேட்டிருப்பாங்க. எனக்கே நான் சோம்பேறின்னுதான் தோணுச்சு. அக்கா வந்து பார்த்துட்டு, டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா."

"மாத்திரை போட்டதும் சரியாச்சா?"

"எங்க? முதல் ரெண்டு வாரம் குமட்டலும் வாய் வறட்சியும்தான் மிச்சம். வேலை செய்ய நாளாகும், விட்டுடாதீங்கன்னு டாக்டர் சொன்னதால விடல. கூடவே வாராவாரம் ஒரு ஆலோசகர்கிட்டயும் போனேன். ஒரு மாசத்துக்கு மேல ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியில காத்திருக்கேன், எதிர்ச் சுவத்துல அறிவிப்பு. 'காத்திறுக்கவும்'னு போட்டிருக்கான். வல்லின று! எனக்கு வந்துதே ஒரு கோபம். எத்தனையோ மாசம் கழிச்சு எனக்குன்னு வந்த முதல் உணர்ச்சி அதுதான். எழுந்து போய்ப் பேனாவால திருத்திட்டு வந்தேன்."

நிர்மலா வாய்விட்டுச் சிரித்தாள். வசந்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே நிர்மலா கேட்டுவிட்டாள்.

"எங்கம்மா போனப்ப ஏன் வரல?"

இதற்காகத்தான் வந்திருக்கிறாள். வசந்திக்கு அவள் உள்ளே நுழைந்தபோதே தெரியும்.

"கிளம்பினேன். புடவை மாத்திட்டேன். கட்டில்ல உட்கார்ந்து ஒரு செருப்பைப் போட்டேன். இன்னொண்ணு எதிர்லதான் கிடந்தது. அதை எடுத்துப் போட முடியல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஒத்தைச் செருப்போட இருட்டுறவரைக்கும் அப்படியே இருந்தேன்."

"அன்னைக்கு ராத்திரி உன் பேருக்குக் கீழ 'டைப் செய்கிறார்'னு வந்துச்சு. போச்சு. மறுபடி வந்துச்சு. ஃபோனைக் கையிலயே வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை வரல."

"எழுதி எழுதி அழிச்சேன்."

"இப்ப புரியுது. உனக்கு முடியாம இருந்ததுன்னு புரியுது. ஆனா கோபம் போகலடி. ரெண்டும் சேர்ந்தே இருக்கு. என்ன பண்ணச் சொல்ற?"

மன்னித்துவிடு என்று சொல்ல வசந்தி வாயெடுத்தாள். சொல்லவில்லை. நோய் முற்றியிருந்தபோது கண்டவரிடமெல்லாம் அவள் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து எடுத்துக்கொடுத்தால் மன்னிப்பு, விளக்கைப் போட்டால் மன்னிப்பு. அந்த வார்த்தையில் சாரமே மிச்சமில்லை.

"கோபப்படு. அம்மாவுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லு. எனக்கு எதுவுமே தெரியாது."

நிர்மலா கொஞ்சநேரம் சும்மா இருந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவின் கால் வீக்கத்தில் தொடங்கியது. கடைசி வாரம் ஆளை அடையாளம் தெரியாமல் போனது, செவிலியரைத் தன் தங்கை என்று நினைத்து பழைய சண்டை ஒன்றைத் தொடர்ந்தது, யார் வந்தார்கள், யார் வந்து பேசக்கூடாததைப் பேசினார்கள் என்று எல்லாம் வந்தது. நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள். வசந்தி குறுக்கே பேசவில்லை, அந்தத் தங்கையின் பெயரைக் கேட்டதைத் தவிர. ஒரு வருடமாக எல்லோரும் அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தியின் துக்கத்தை முழுசாகக் கேட்டு வெகுநாள் ஆகிவிட்டது. களைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை.

வெளியே இருட்டிவிட்டது. விளக்கைப் போட எழுந்த நிர்மலா, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"செத்துப்போகணும்னு தோணுச்சா?"

டாக்டரைத் தவிர வேறு யாரும் இதை இப்படி நேராகக் கேட்டதில்லை. அக்காவும் இந்தப் பக்கமே வராமல் சுற்றிச்சுற்றிப் பேசுவாள்.

"காலையில கண்ணு முழிக்காம இருந்தா தேவலைன்னு தோணும். டாக்டர்கிட்ட சொன்னேன். அப்புறம் அக்கா என்கூடவே வந்து தங்கினா. இப்ப இல்ல."

"மறுபடி தோணுனா?"

"சொல்றேன்."

"எழுதி அழிக்காம சொல்லணும்."

"அதான் கஷ்டம்."

நிர்மலா யோசித்தாள். "வார்த்தையே வேண்டாம். முடியலன்னா ஒரு புள்ளி வை. ரெண்டு புள்ளி வந்தா உயிருக்கு ஆபத்துன்னு எடுத்துப்பேன். உடனே அக்காவுக்கு ஃபோன் பண்ணிட்டுக் கிளம்பிடுவேன். ஒரு புள்ளின்னா நான் எதுவும் கேட்கமாட்டேன். சரியா?"

"மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"நல்லானப்புறமும் ஆறு மாசமாவது போடணுமாம். நானா நிறுத்தக்கூடாது. குறைக்கறதுன்னா அவங்கதான் படிப்படியா குறைப்பாங்க."

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை நான்கு மணிக்கு ஒரு புள்ளி வந்தது.

நிர்மலா கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். ஃபோன் செய்யவேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. தலையணையைச் சுவரோரம் நிமிர்த்திவைத்து, தன் மேனேஜரோடு முந்தைய நாள் போட்ட சண்டையை ஒன்றுவிடாமல் தட்டி அனுப்பினாள். அவர் விடுப்பைத் தள்ளிப்போடச் சொன்னது, இவள் திருப்பிக் கேட்டது, பக்கத்து மேசைக்காரர் காது கேட்காதவர்போல நடித்தது. பெரிய செய்தி. கடைசியில் கேள்வி எதுவும் வைக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பதில் வந்தது.

"இப்பதான் முழுசாப் படிச்சேன். நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை. மேனேஜர் சொன்னதுல நியாயம் இருக்குடி, நீதான் கத்தியிருக்க. அப்புறம், 'ஒறுத்தர்' இல்ல, 'ஒருத்தர்'."

நிர்மலா அலுவலகம் என்றும் பாராமல் அவளைக் கூப்பிட்டுச் சண்டைக்குப் போனாள்.