விலை பார்க்கும் கருவி பற்றி

காரைக்குடி
12.11.2025

அன்புள்ள தம்பி கார்த்திக்கு,

போனில் பேசியதை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்பதைவிட என்ன வேண்டாம் என்பதுதான் தெளிவாகத் தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம்முடையது பலகாரக் கடை. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். கல்யாணச் சீர் ஆர்டர் ஒரு மாதம் முன்பே வந்துவிடும். அன்றே விலை சொல்லியாக வேண்டும். சரக்கு வாங்குவதோ பத்து நாள் முன்னால்தான். இந்த இடைவெளியில் பாசிப்பருப்பும் கடலை எண்ணெயும் ஏறினால் அடி எனக்குத்தான். சொன்ன விலையை மாற்றிப் பேசும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை.

போன வருடம் ஒரு பையன் ஷீட் ஒன்று போட்டுக் கொடுத்தான். வலைப்பக்கத்திலிருந்து ஏலக்காய், பருப்பு விலையை அதுவே எடுத்துவரும். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று அந்தப் பக்கத்தின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். புது விலை வராவிட்டால் பழையதையே காட்டும்படி பையன் எழுதியிருந்தானாம். மூன்று வாரம் ஒரே எண் நின்றது. விலை அசையவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அதை நம்பி ஒரு சீர் ஆர்டரை ஒத்துக்கொண்டதில் கைக்காசு நாலாயிரம் போனது. அதனால் முதல் நிபந்தனை: விலை கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்றே காட்ட வேண்டும். ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் அது எந்தத் தேதி விலை என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு.

அரசின் `data.gov.in` தளத்தில் மண்டி விலை தினமும் வருகிறது, அதற்குச் சாவி வாங்கி முறையாகவே எடுக்கலாம் என்று அக்கா மகள் சொன்னாள். அதில் `modal_price`, `arrival_date` இரண்டும் போதும். விலை குவிண்டாலுக்கு என்பதால் நூறால் வகுக்க வேண்டும். `Green Gram (Moong)(Whole)` என்றால் முழுப் பயறு. நான் வாங்குவது உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். எப்படியும் மண்டி விலை எனக்குத் திசை காட்டத்தான். நான் கொடுக்கும் விலை மொத்த வியாபாரி சொல்வதுதான். அவர் காலையில் வாட்ஸ்அப்பில் துண்டுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்புவார். அவர் கையெழுத்து எனக்கே பாதி புரியாது, கணினி எங்கே படிக்கும்? நானே தட்டிவிடுகிறேன், பதினான்கு சரக்குக்கும் பெட்டி மட்டும் வைத்துக் கொடுங்கள்.

அளவில்தான் நிறையத் தப்பு நடக்கும். எண்ணெய் டின் என்றால் சிலர் 15 கிலோ கொடுக்கிறார்கள், சிலர் 15 லிட்டர். 15 லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 13.7 கிலோதான் நிற்கும். டின் விலையை மட்டும் பார்த்தால் லிட்டர்க்காரர் மலிவாகத் தெரிவார். அரிசி மூட்டை 26 கிலோ; 25 கிலோ வரை கட்டிய மூட்டைக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகிறார்கள். ஆகவே எதை எந்த அளவில் எழுதினாலும் கிலோ விலையாக மாற்றிக் காட்ட வேண்டும். வரியும் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். நெய்க்கு செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. வரியைச் சேர்த்து எழுதினால் நெய்யே மலிந்துவிட்டது போலத் தோன்றும்.

நான் கடைசியாக வாங்கிய விலையிலிருந்து ஐந்து சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ போனுக்கு ஒரு செய்தி வந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், காலை ஏழு மணிக்கு. அடுப்பு மூட்டிய பிறகு நான் போனைத் தொடுவதில்லை.

அடுத்த மாதம் விலை என்ன ஆகும் என்று அது ஜோசியம் சொல்ல வேண்டாம். என் விற்பனை விலையைத் தானாக மாற்றக் கூடாது. ஆன்லைன் பெரிய கடைகளின் விலையும் வேண்டாம்: ஊருக்கு ஊர் மாறும், அப்படி எடுப்பதை அவர்கள் விடுவதும் இல்லை, சில்லறை விலையை வைத்து நான் என்ன செய்ய?

நீங்கள் கேட்ட பதினெட்டாயிரத்துக்குச் சம்மதம். பாதி இப்போது, மீதி ஒரு மாதம் ஓடிய பிறகு. அந்த ஒரு மாதமும் என் நோட்டில் கையாலும் எழுதி வருவேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பின்னால் தளம் மாறி நின்றுபோனால் சரிசெய்ய என்ன கேட்பீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

தை முகூர்த்த ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. மார்கழி பிறப்பதற்குள் கைக்கு வந்தால் நல்லது. அப்புறம், இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், சூடாக மனகோலம் தருகிறேன்.

இப்படிக்கு,
வள்ளியம்மை