நாழிகைக் கணக்கு

மேற்கு மாம்பலத்தில் காலை ஏழு மணி. டொராண்டோவில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை. ருக்மணி பாட்டி மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, செல்போனின் பின்பக்கக் கேமராவைப் பேப்பரில் இருந்த குறுக்கெழுத்துப் புதிருக்கு நேராகப் பிடித்தாள்.

"ரொம்பக் கிட்ட போயிட்ட பாட்டி, எழுத்து கலங்குது. ஒரு சாண் தள்ளிப் பிடி. ஆடாத... ஆச்சு, எடுத்துட்டேன்."

காவ்யா நோட்டில் எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டு, கறுப்புக் கட்டங்களை நிரப்பிக்கொண்டாள். குறிப்பு வாசிப்பது பாட்டி. இரண்டு பேருக்கும் பென்சில்தான். அதிலும் பாட்டிக்கு முனை மழுங்கிய பென்சில். கூரானது நியூஸ்பேப்பர் தாளைக் கிழித்துவிடும்.

"இடமிருந்து வலம், ஒண்ணு. மயிலைக் கபாலீஸ்வரரின் துணைவி. ஏழு எழுத்து."

"கற்பகம்!"

"எண்ணிப் பாரு. க, ற், ப, க, ம். அஞ்சுதான் வருது. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டுல்ல? முழுப் பேரைச் சொல்லு."

"கற்பகாம்பாள்."

"அந்த ப-வுலேர்ந்து கீழே இறங்கு. பதினாலு குழி..."

"பல்லாங்குழி! ஆறு கட்டம், சரியா இருக்கு." பாட்டி வீட்டுப் பரண் மேல் இருக்கிற மடக்குப் பலகையும் புளியங்கொட்டை டப்பாவும் அவளுக்குத் தெரியும்.

"இப்ப ழி நடுவுல வரணும். ஒரு நாளில் அறுபது உண்டு. மூணு எழுத்து."

"நாளுக்கு இருபத்துநாலு மணிதானே?"

"இது பழைய கணக்கு. இருபத்துநாலு நிமிஷம் ஒரு நாழிகை."

காவ்யா எழுதிக்கொண்டாள். அடுத்த குறிப்பில் மாட்டிக்கொண்டாள்: தின்றால் நாக்கு ஊதாவாகும், மேலிருந்து கீழ், மூன்று எழுத்து.

"கை-ன்னு ஆரம்பிக்கிற பழம் இருக்கா பாட்டி?"

"கை எப்படி அங்க வந்துச்சு?" பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குறிப்புப் பட்டியலில் விரலை ஓட்டினாள். "நாழிகை வலமிருந்து இடம் பட்டியல்ல இருக்குடி. நீ இங்கிலீஷ் பழக்கத்துல இந்தப் பக்கத்துலேர்ந்து எழுதிட்ட. தமிழ்ல நாலு திசையிலும் வரும். முதல்ல தலைப்பைப் பாரு, அப்புறம் நம்பரைப் பாரு."

காவ்யா இரண்டு கட்டத்தை அழித்தாள். நடுவில் இருந்த ழி அசையவில்லை. கையும் நாவும் இடம் மாறியதும் பழம் தானாக விழுந்தது.

"நாவல்!"

"அதான். இப்ப கணக்கு ஒண்ணு. நமக்குள்ள எத்தனை நாழிகை வித்தியாசம்?"

"ஒன்பதரை மணி... ஐந்நூத்தியெழுபது நிமிஷம்..."

"இருபத்துமூணே முக்கால்," என்றாள் பாட்டி, காவ்யா வகுத்து முடிப்பதற்குள்.

"நவம்பர்ல இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வெப்பாங்களே?"

"அப்ப ரெண்டரை நாழிகை கூடும். இருபத்தாறேகால். சரி, கீழிருந்து மேல் படிக்கட்டுமா?"