பொருள்: ஆகஸ்ட் 3 முதல் எங்கள் அலுவலக நேரமும் இரவு அவசரத்துக்கான போன் வழியும்

செந்தில் அண்ணாவுக்கு வணக்கம்.

ஜூலை மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 வேலை தொடங்குமுன் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். உங்கள் பையர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்போது இங்கே இரவு பத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் பில், வண்டி, வரி என்று எல்லாக் கேள்விகளும் வாட்ஸாப்பில் இரவு பதினொன்றுக்கு மேல் வருகின்றன என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் பில்லையும் பர்சேஸ் ஆர்டரையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்காமல் நாங்கள் சொல்லும் பதில் உங்களுக்கே ஆபத்து. இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்றலாம். சரக்கு மதிப்பு, எச்எஸ்என், பெறுபவர் ஜிஎஸ்டி எண் இவற்றை மாற்ற முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்தும் செய்ய முடியாது. இ-இன்வாய்ஸுக்கும் அதே 24 மணி நேரம்தான். அதன்மேல் இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்த பிறகே இன்வாய்ஸைத் தொட முடியும். அரைத்தூக்கத்தில் தந்த ஒரு வார்த்தைக்காக இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 3, திங்கள் முதல் இப்படி வைத்துக்கொள்வோம்.

அலுவலகம் திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 7 வரை. தாக்கல் நெருக்கடி உள்ள 10, 11, 19, 20 தேதிகளில் 8.30 வரை இருப்போம். ஞாயிறு விடுமுறை, 11 அல்லது 20 ஞாயிற்றில் விழுந்தால் அன்று மதியம் வரை திறந்திருக்கும். மாலை 5 மணிக்குள் வரும் கேள்விக்கு அன்றே பதில். அதற்குப் பிறகு வருவதற்கு மறு வேலைநாள் பகல் 12-க்குள். இரவில் மனதில் பட்டதை நீங்கள் வாட்ஸாப்பில் போட்டு வைப்பதில் தடையே இல்லை, மறந்துபோகாமல் இருக்கும். நாங்கள் காலையில்தான் பார்ப்போம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இரவு 7-க்கு மேல் அலுவலக வாட்ஸாப் அணைந்திருக்கும். செய்தி வந்தது எங்களுக்குத் தெரியாது.

அவசரத்துக்கு ஒரே வழி போன். சனிக்கிழமை உங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதியச் சொன்ன, 40-இல் முடியும் எண். அதில் வாட்ஸாப் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. காலை 6 முதல் 10 வரையும் இரவு 7 முதல் 11 வரையும் கீழே சொல்லும் எந்த அவசரத்துக்கும் கூப்பிடலாம். 11 முதல் 6 வரை, வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் மட்டும். முதல் முறை எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அடியுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு தானாக எங்கள் பார்ட்னருக்குத் திரும்பும்.

எவை அவசரம்?

முதலாவது, ரோவிங் ஸ்குவாட் வண்டியை நிறுத்திவிட்டது. இதில் மணிக்கணக்கு முக்கியம். பிரிவு 129-இன் கீழ் சரக்கைத் தடுத்து வைத்தால், உரிமையாளர் முன்வந்து விடுவிக்க வரியின் 200 சதவீதம் அபராதம். ஆனால் தடுப்பு உத்தரவு எழுதப்படுவதற்கு முன் சரியான பேப்பரைக் காட்டினால் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: 12 இலக்க இ-வே பில் எண், வண்டி எண், நிறுத்திய இடம், டிரைவரின் போன் எண், அதிகாரி கொடுத்த தாளின் தெளிவான படம். டிரைவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: எம்ஓவி-01 வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. எழுதாத தாளில் எந்த நிலையிலும் போட வேண்டாம்.

இரண்டாவது, மறுநாள் விடிவதற்குள் கிளம்ப வேண்டிய லோடுக்கு இ-வே பில்லோ இ-இன்வாய்ஸோ தளத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது. பிழைச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

மூன்றாவது, இ-வே பில் காலாவதி. இதில்தான் அதிகம் குழப்பம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு 200-க்கும் இன்னொரு நாள். பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவோடு முதல் நாள் முடியும். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பும் பின்பும்தான் நீட்டிக்கலாம். அதாவது மாலை 4 முதல் மறுநாள் காலை 8 வரை. பில்லில் ட்ரான்ஸ்போர்ட்டின் ஐடி இருந்தால் நீட்டிப்பு அவர்கள் கையில்தான். நள்ளிரவில் எங்களை எழுப்பினாலும் எங்களால் செய்ய முடியாது. முதல் போன் ட்ரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்கு. அவர்கள் கைவிரித்தால் காலை 6-க்கு எங்களுக்கு அடியுங்கள், இரண்டு மணி நேரம் மீதி இருக்கும். வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் பகுதி 'பி'-யில் புது எண்ணைப் போட்டால் போதும். அதை உங்கள் டெஸ்பாட்ச் ஆளே செய்யலாம்.

மற்றவை காலைக்கு. துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலும் பதற வேண்டாம். பதிலுக்கான கெடு தேதி அதிலேயே இருக்கும். நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத் தூங்குங்கள், காலையில் முதல் வேலையாக எடுப்போம். 2பி-யில் ஒரு பர்சேஸ் பில் வரவில்லை, டெபிட் நோட் எப்படிப் போடுவது, ரீஃபண்ட் எங்கே நிற்கிறது, இவையெல்லாம் இரவு கேட்டாலும் காலை கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

உங்கள் பக்கம் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இ-வே பில் தளத்தில் டெஸ்பாட்ச் ஆளுக்குத் துணைப் பயனர் கணக்கு திறந்து, அவர் போன் எண்ணையே பதிந்துவிடுவோம். இப்போது ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது, நீங்கள் பையருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வண்டி கேட்டில் நிற்கிறது. இரவு வரும் கேள்விகளில் பாதி இதனால்தான் என்பது எங்கள் கணிப்பு. இரண்டு, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய் என்ற வரம்பை டெஸ்பாட்ச் மேசையில் எழுதி ஒட்டிவிடுங்கள். இதைக் கேட்டும் போன் வருகிறது.

கட்டணம் பற்றி: மாதம் இரண்டு அவசர அழைப்புகள் இப்போதைய கட்டணத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய், மாத பில்லில் தனியாகக் காட்டுவோம். வண்டி நிறுத்தப்பட்டதற்கான அழைப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டோம். அதற்குத் தயங்காமல் கூப்பிட வேண்டும். அவசரமில்லாத கேள்வியோடு இரவில் அந்த எண்ணுக்கு வந்தால், “காலையில் பார்க்கிறோம் அண்ணா” என்று சொல்லி வைத்துவிடுவோம். கோபத்தில் வைத்ததாக நினைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு விவரம் அனுப்புங்கள்: இரவில் அந்த எண்ணுக்குக் கூப்பிடப் போகும் இருவரின் பெயரும் போன் எண்ணும், துணைப் பயனர் கணக்கு திறக்க நீங்கள் ஓடிபியுடன் அரைமணி நேரம் ஒதுக்கக்கூடிய நாள். நேரத்தில் உங்களுக்கு ஒத்துவராதது ஏதாவது இருந்தால் வியாழன் மாலை 5-க்கு மேல் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கார்த்திகா
வரி ஆலோசகர், திருப்பூர்